60 கிணறு காணுமா? நீர் ஆய்வேட்டு வைவாவில மாதிரியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறது

பாலியாறு

எம்.பில். ஆய்வேடு குடுத்தாச்சு, அடுத்த மாதம் வைவா. தலைப்பு வவுனியா மாவட்டக் குடிநீர்க் கிணறுகளில புளோரைட்டு. ஆள் ஆரெண்டு தெரியாமலிருக்க எண்களை மாத்தித்தான் போடுறன்.

12 கிராமம், கிராமத்துக்கு 5 கிணறு, மொத்தம் 60. அதில 42 திறந்த கிணறு, 18 குழாய்க்கிணறு. எல்லாம் ஆகஸ்டில எடுத்த தண்ணி. 27 கிணத்தில புளோரைட்டு லீற்றருக்கு 1.0 மில்லிகிராமுக்கு மேல. சுருக்கத்தில இருக்கிற வசனம் இது: "வவுனியா மாவட்டக் குடிநீர்க் கிணறுகளில் 45 வீதமானவை பாதுகாப்பான எல்லையை மீறியுள்ளன."

வெளிப் பரீட்சகர் புள்ளிவிபரத்தில கெட்டிக்காரர் எண்டு கேள்வி. "60 எப்பிடிக் காணும்?" எண்டுதான் முதல்ல கேப்பார். நான் கேள்வி விழுந்த உடன படபடவெண்டு நியாயம் சொல்லத் தொடங்குற ஆள். மழுப்பாமலும் மல்லுக்கு நிக்காமலும் இதுக்கு எப்பிடிப் பதில் சொல்லலாம்?

மாங்குளம்_சந்தி

தம்பி, இதுக்கு கிறெஜ்சி–மோர்கன் அட்டவணை இருக்கு, 1970ல வந்தது. குடித்தொகை பெரிசெண்டால் 384 வேணும். அவ்வளவு கிணத்துக்குப் போக வசதி இல்லை, ரசாயனச் செலவு இவ்வளவு, அதால 60 எண்டு வெளிப்படையாச் சொல்லுங்கோ. இதே மாதிரி 50, 60 கிணத்தோட வந்த கட்டுரைகள் எத்தனையோ இருக்கு. ரெண்டு மூண்டு பேரைச் சொன்னால் அவர் விட்டிடுவார்.

குளக்கட்டு

மாங்குளம் அண்ணை சொன்ன 384 சரியான எண்தான். ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை எண்டு பாக்கோணும். பெரிய குடித்தொகையில இருந்து ஒவ்வொண்டா எழுமாற்றா எடுத்து, ஒரு வீதத்தை 5 வீதம் கூடக்குறைய மதிப்பிடோணும் எண்டால் 384. பாலியாறு அப்பிடி எடுக்கவில்லை. முதல்ல கிராமம், பிறகு அதுக்குள்ள ஐஞ்சு கிணறு. பரீட்சகருக்கு நீங்களா 384ஐ எடுத்துக் குடுத்தால், "அப்ப 384ல 60தான் செய்திருக்கிறீர், இல்லையா?" எண்டு கேப்பார். அதுக்குப் பிறகு சொல்லுறதெல்லாம் சாட்டாத்தான் கேக்கும்.

செலவைச் சொல்லுறதும் அப்பிடித்தான். ஏன் 60 எடுத்தீர் எண்ட கேள்விக்கு அது பதில். அவர் கேக்கிறது 60ஐ வைச்சு ஏன் மாவட்டம் முழுக்கப் பேசுறீர் எண்டு. காசில்லாததால ஒரு முடிவு உறுதியாகாது. மற்றவையும் 60தான் செய்தவை எண்டால், "அவையின்ர வைவா இல்லை இது" எண்டு சிரிச்சுப்போட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

நல்ல பரீட்சகர் 60 எண்ட எண்ணில நிக்கமாட்டார். அந்த 60ம் உண்மையில 60 தானா எண்டு பாப்பார். ஒரே கிராமம், ஒரே பாறை, கிட்டத்தட்ட ஒரே ஆழம். ஐஞ்சு கிணறும் ஒண்டை ஒண்டு ஒத்திருக்கும். முதல் கிணத்தில கூடவெண்டால் மற்ற நாலையும் பாதி ஊகிச்சிடலாம். அப்ப அந்த நாலும் தாற புதுத் தகவல் குறைவு.

கணக்கைச் செய்து பாப்பம். 60ம் தனித்தனி எண்டு எடுத்தால் 45 வீதத்துக்கு 95 வீத நம்பிக்கை ஆயிடை ஏறக்குறைய 32 இருந்து 58 வரை. கிராமத்துக்குள்ள ஒத்திருக்கிற அளவு 0.4 எண்டு வையுங்கோ. இது உதாரணத்துக்கு, உங்கட தரவில இருந்தே கிராமங்களுக்கு இடையிலான மாறலையும் கிராமத்துக்குள்ள இருக்கிற மாறலையும் பிரிச்சு எடுக்கலாம். கிராமத்துக்கு 5 கிணறு எண்டதால 60ஐ இந்த மடங்கால பிரிக்கோணும்:

```
1 + (5 − 1) × 0.4 = 2.6
60 ÷ 2.6 ≈ 23
```

ஆக உங்கட 60 கிணறு, ஏறக்குறைய 23 தனிக் கிணத்தின்ர பெறுமதிதான். ஆயிடை 25 இருந்து 65 வரை விரியும். 12 கிராமந்தான் எண்டதால உண்மையில இன்னும் கொஞ்சம் அகலும். இந்தக் கணக்கைப் பரீட்சகர் பலகையில எழுதமுன்னம் நீங்கள் உங்கட கொப்பியில எழுதியிருக்கோணும்.

இனி சுருக்கத்து வசனத்துக்கு வாங்கோ. "45 வீதம்" எண்டது அளவு சொல்லுற கூற்று. அது இந்த மாதிரியில நிக்காது. "12 கிராமத்தில இத்தனை கிராமத்தில ஒரு கிணறாவது எல்லையை மீறியிருக்கு" எண்டது இருக்கிறதைச் சொல்லுற கூற்று. அதுக்கு எழுமாற்று மாதிரியும் தேவையில்லை, 384ம் தேவையில்லை. எத்தனை கிராமம் எண்டு எண்ணிப் பாத்தீரோ?

வெள்ளைக்கொக்கு

ஸ்லைட் எத்தனை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. 20 நிமிசத்துக்கு 15 ஸ்லைட் காணும். எழுத்து 24க்குக் குறையாமல் போடுங்கோ. கழுத்துப்பட்டி கட்டாயம்.

குளக்கட்டு

கொக்கு, அவர் கேட்டது பிரசன்டேசனுக்குப் பிறகு நடக்கிறதை. ஆனாலும் ஒண்டு உதவும்: கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால, காட்டாமல், ரெண்டு மூண்டு ஸ்லைட் வைச்சிருங்கோ. கிராமவாரி அட்டவணை, மேல இருக்கிற கணக்கு, கிணறுகளின்ர வரைபடம். கேள்வி வந்தால் மட்டும் திறக்கிறது.

பாலியாறு

எண்ணினன். 12ல 10 கிராமத்தில ஒரு கிணறாவது 1.0க்கு மேல.

அண்ணை, இன்னொண்டு. குழாய்க்கிணறு 18ல 12 மேல, திறந்த கிணறு 42ல 15 மேல. குழாய்க்கிணத்தில கூட எண்டதை முக்கியமான கண்டுபிடிப்பா எழுதியிருக்கிறன். அதாவது நிக்குமோ?

குளக்கட்டு

அதுக்கு முதல், அந்தப் பிரிப்பு உங்கட 45ஐ இன்னொரு பக்கத்தாலயும் வெட்டுது, கவனிச்சீரோ? உங்கட மாதிரியில குழாய்க்கிணறு 30 வீதம். ஊரில அப்பிடித்தானா? பேச்சுக்கு, மாவட்டத்தில பத்துக்கு ஒண்டுதான் குழாய்க்கிணறு எண்டு வையுங்கோ. திறந்ததில 36 வீதம், குழாயில 67 வீதம். 9க்கு 1 எண்டு நிறை குடுத்தால் மொத்தம் 39 வீதம். ஒரு கிணத்தையும் திரும்ப அளக்காமல் 45 எண்டது 39 ஆச்சு. உண்மையான பங்கு எவ்வளவெண்டு பிரதேச செயலகத்திலயோ நீர் வழங்கல் சபையிலயோ எண் எடுக்க ஏலுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ. எடுக்க ஏலாதெண்டால் ரெண்டு வகைக்கும் தனித்தனி வீதம் மட்டும் சொல்லுங்கோ, கூட்டி ஒரு எண் சொல்லாதையுங்கோ.

இனி உங்கட கேள்வி. 18க்கு 12, 42க்கு 15 எண்டதைச் சாதாரண கை வர்க்கச் சோதனையில போட்டால் 0.03க்குக் கிட்ட வரும். சின்ன மாதிரிக்கான திருத்தம் போட்டால் 0.05ஐக் கொஞ்சம் தாண்டும். கிராமக் கொத்தையும் சேர்த்தால் இன்னும் தளரும். ஆக p பெறுமானத்தைப் பிடிச்சுக்கொண்டு தொங்க வேண்டாம். ரெண்டு வகையும் இருக்கிற கிராமங்களை மட்டும் எடுத்து, கிராமத்துக்குள்ளயே ஒப்பிடுங்கோ. பாறையும் ஊரும் ஒண்டாயிருக்க, கிணத்து வகை மட்டும் மாறும். ஆழமான குழாய்க்கிணத்துத் தண்ணி பாறையோட கனகாலம் கிடக்கிறதால புளோரைட்டு கூடுறது எதிர்பாக்கக்கூடியதுதான். அதால இந்த ஒப்பீட்டுக்கு நியாயமும் இருக்கு.

பாலியாறு

7 கிராமத்தில ரெண்டு வகையும் இருக்கு. அதில 6 கிராமத்தில குழாய்க்கிணத்து இடையம் கூட.

குளக்கட்டு

அப்ப அதையே சொல்லுங்கோ: "ஏழில ஆறு." 'நிரூபிச்சன்' எண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. ஏழுக்கு ஆறு தற்செயலா வாற வாய்ப்பு, ரெண்டு பக்கமும் பாத்தால், எட்டில ஒண்டு. அவர் அதைக் கேட்டால் நீங்களே அந்த எட்டில ஒண்டைச் சொல்லுங்கோ. தன்ர எண்ணின்ர பலவீனத்தைத் தானே அளந்து வைச்சிருக்கிற ஆளிட்ட அதே இடத்தைத் திரும்பத் தோண்டுறது குறைவு.

கனகராயன்_மிஸ்

நான் ஆய்வுகூடப் பக்கத்தால கேட்கிறேன். புள்ளிவிபரக்காரர் ஒருவர் இருந்தால் மற்றப் பரீட்சகர் பெரும்பாலும் இரசாயனம் தெரிந்தவராக இருப்பார். அவருடைய கேள்விகள் சின்னதாக இருக்கும், ஆனால் "தெரியாது" என்று சொல்ல முடியாதவை.

என்ன போத்தல்? புளோரைட்டுக்குப் பொலித்தீன் போத்தல். கண்ணாடி என்றால் ஏன் என்று கேட்பார். எத்தனை நாளுக்குள் அளந்தது? அளவிட்டது எசு.பி.ஏ.டி.என்.எசு. நிறமுறையா, மின்வாயா? நிறமுறை என்றால் அந்த முறையின் மேல் எல்லையைத் தாண்டிய மாதிரிகளை ஐதாக்கினீர்களா? இரும்பு, அலுமினியம், காரத்தன்மை ஆகியவற்றின் குறுக்கீட்டை என்ன செய்தீர்கள்? வெற்று மாதிரி, இரட்டை மாதிரி, தெரிந்த அளவு புளோரைட்டைச் சேர்த்து மீட்டுப் பார்த்தது, இவை எந்தப் பக்கத்தில்? பக்க எண் வாயில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. 1.0க்குப் பக்கத்தில் எத்தனை கிணறு? உங்கள் இரட்டை மாதிரிகளின் வித்தியாசம் 0.1 வரை போகுமென்றால், 0.9க்கும் 1.1க்கும் இடையில் நிற்கும் கிணறுகளை "மேல்", "கீழ்" என்று உறுதியாகப் பிரிக்க முடியாது.

எல்லையைப் பற்றியும் கேட்பார். 1.0 இலங்கைத் தரம், SLS 614:2013. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 1.5. "உயர்ந்த எண் வரவேண்டும் என்று தாழ்ந்த எல்லையை எடுத்தீரா?" என்று குத்தலாகக் கேட்டால் முகம் மாற வேண்டாம். வெப்பமான இடத்தில் ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள்; நாட்டுக்கேற்ப எல்லை வைக்கும்போது குடிக்கும் அளவைக் கருத வேண்டும் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு 1.5க்கு மேல் எத்தனை என்ற எண்ணையும் உடனே கொடுங்கள். இரண்டு எண்ணும் கையில் இருந்தால் அந்தக் குத்தல் அதோடு முடியும்.

பாலியாறு

நன்றி மிஸ். 0.9–1.1க்குள்ள 6 கிணறு, மூண்டு மேல மூண்டு கீழ. அப்ப 27 எண்டது 24 இருந்து 30 வரை எங்கயும் இருக்கலாம், அப்பிடித்தானே? 1.5க்கு மேல 14.

ஆகஸ்ட் மட்டும் எண்டதுக்கு என்ன சொல்லலாம்? வடகீழ்ப் பருவ மழைக்குப் பிறகு எடுக்கேல்லை.

கனகராயன்_மிஸ்

அப்படித்தான். ஆனால் ஆறும் ஒரே பக்கம் சாயும் வாய்ப்புக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதிகமாக விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை.

மழைக்காலக் கேள்விக்கு, "மழை பெய்தால் ஐதாகிக் குறையும்" என்று உறுதியாகச் சொல்ல வேண்டாம். திறந்த கிணற்றில் பெரும்பாலும் அப்படி எதிர்பார்க்கலாம். ஆழமான குழாய்க்கிணற்றில் மாற்றம் சிறிதாக இருக்கலாம். நீங்கள் அளக்கவில்லை. "இது வறட்சிக்கால அளவீடு. ஆண்டு முழுக்கக் குடிக்கும் சராசரியாக இதை எடுக்க முடியாது. தலைப்பிலும் சுருக்கத்திலும் வறட்சிக்காலம் என்ற சொல் வரவேண்டும்." இவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் அளக்காத ஒன்றைப் பற்றி வாதாடத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒட்டுசுட்டான்_அக்கா

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். என்னுடையது சமூகவியல். மீள்குடியேறின பெண் தலைமைக் குடும்பங்கள், 18 நேர்காணல். எனக்கும் "18 காணுமா" எண்டுதான் கேப்பினம். "நீரும் அந்த ஊர்தானே, உமக்கு வேண்டியதைத்தானே சொல்லியிருப்பினம்" எண்டும் வரும். இந்தக் கணக்கு எனக்கும் சரிவருமோ?

குளக்கட்டு

அக்கா, உங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். வீதத்தால பதில் சொல்லத் தொடங்கினால் உங்கட முறையை நீங்களே கைவிட்ட மாதிரி. ஆய்வேட்டில "பெரும்பாலான பெண்கள்", "அநேகமானோர்" எண்டு வாற இடங்களை எல்லாம் தேடிக் குறியுங்கோ. அடி விழப்போறது அங்கதான். பிறகு, எத்தனையாவது நேர்காணலுக்குப் பிறகு புதுக் கருப்பொருள் வாறது நிண்டது எண்டதை உங்கட குறியீட்டுப் பதிவில இருந்து காட்டுங்கோ.

அந்த ஊர்க்காரி எண்ட கேள்விக்கு "நான் பக்கம் சாயேல்லை" எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பாயினம். அந்த ஊர் எண்டதால என்ன கிடைச்சுது, எதை உங்களிட்டச் சொல்லாமல் விட்டிருப்பினம், ரெண்டுக்கும் ஒவ்வொரு உதாரணம் நேர்காணல் எண்ணோட. கடன், காணித் தகராறு மாதிரி ஊருக்குள்ள கதை பரவுற விசயங்களில ஆக்கள் மௌனமாயிருந்தவையோ எண்டு உங்கட பதிவுகளைப் பாருங்கோ. விரிவாப் பேசுறதெண்டால் தனி இழை ஒண்டு திறப்பம்.

பாலியாறு

மெயின் பிரச்சினையை இப்பதான் சொல்லுறன். முடிவுரையில ஒரு வசனம் இருக்கு: "இப்பிரதேசத்தில் காணப்படும் சிறுநீரக நோய்க்குப் புளோரைட்டே காரணமாகும்." ஆய்வேடு கட்டிக் குடுத்தாச்சு, மாத்த ஏலாது.

குளக்கட்டு

அந்த வசனந்தான் உங்கட ஆய்வேட்டில ஆகப் பலவீனமான இடம். நீங்கள் அளந்தது தண்ணியை. ஒரு நோயாளியையும் பாக்கேல்லை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில இருந்து வடமத்திய மாகாணத்தில பேசப்படுது. புளோரைட்டு, தண்ணிக் கடினம், விவசாய இரசாயனம், வெக்கையில வேலை செய்து உடம்பு வறளுறது எண்டு கன கருத்து இருக்கு, இண்டைக்கும் ஒரு முடிவு இல்லை. "புளோரைட்டே" எண்டதில இருக்கிற ஏகாரம் மற்ற எல்லாத்தையும் தள்ளிப்போடுது.

இதுக்கு ஒரே வழி, வசனத்தை அவருக்கு முன்னால கைவிடுறது. "இந்த வசனம் என்ர தரவைத் தாண்டிப் போகுது. நான் நோயை அளக்கேல்லை. திருத்தத்தில இதை எடுத்துப்போட்டு, நோய்ப் பரம்பலோட ஒப்பிடக்கூடிய தண்ணித் தரவாகவே வைப்பன்." மூண்டு வசனம், அதோட நிப்பாட்டுங்கோ. இதைக் காப்பாத்தப் போனால் நல்லா நிக்கிற கிராமவாரிக் கண்டுபிடிப்பிலயும் சந்தேகம் விழும்.

நான் இன்னும் ஒரு படி மேல போவன். கேள்வி வரும்வரை காத்திருக்காமல், பிரசன்டேசனிலயே ஒரு ஸ்லைட்டில "சமர்ப்பித்த பின் திருத்த வேண்டியவை" எண்டு இதையும் சுருக்கத்து 45 வீதத்தையும் போடுங்கோ.

நந்திக்கடல்

அதில எனக்கு உடன்பாடில்லை. பரீட்சகர் ஒருத்தர் அந்த வசனத்தைக் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். நேரம் 20 நிமிசம். நீங்களே குறையோட தொடங்கினால் மிச்சக் கதை முழுக்க அதைச் சுத்தித்தான் போகும். சின்னத் திருத்தத்தோட முடியவேண்டியது பெரிய திருத்தமாப் போகவும் கூடும். பதிலை ஆயத்தமா வைச்சிருங்கோ, கேட்டால் சொல்லுங்கோ. நேர்மை எண்டது கேட்ட கேள்விக்கு உண்மை சொல்லுறது.

குளக்கட்டு

45 வீதத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்லுறதை யோசிக்கலாம், அது கேள்வியில சரிக்கட்டக்கூடியது. நோய் வசனம் அப்பிடி இல்லை. அதை வாசிச்சுப்போட்டு ஒருத்தர் ஊரில போய், கிணத்துத் தண்ணிதான் கிட்னியைக் கெடுத்தது எண்டு சொல்லலாம். அது பரீட்சகர் கவனிச்சாரோ இல்லையோ எண்டதோட முடியிற விசயம் இல்லை.

நந்திக்கடல்

திருத்தின பிரதியில எடுத்துவிட்டால் அந்தப் பயமும் போகுந்தானே. வைவாவில முன்னுக்கு நிப்பாட்டத் தேவையில்லை எண்டுதான் சொல்லுறன்.

மாங்குளம்_சந்தி

384 பற்றிச் சொன்னது விளங்குது. ஆனாலும் சில இடங்களில பரீட்சகர்மாரே அந்த அட்டவணையைத்தான் எதிர்பாக்கினம். "ஏன் இதைப் பாவிக்கேல்லை?" எண்டு நேரா வந்தால்?

குளக்கட்டு

"அந்த அட்டவணை தனித்தனியா எழுமாற்றா எடுக்கிறதுக்கு. நான் கிராமம் கிராமமா எடுத்தபடியால் அது பொருந்தாது. பொருந்துற கணக்கில என்ர மாதிரி 23க்குச் சமன்." அட்டவணையைக் குறை சொல்லவும் வேண்டாம், அவருக்குத் தெரியாதெண்டு காட்டவும் வேண்டாம்.

பாலியாறு

60 காணுமா எண்டதுக்கு இப்ப என்ர பதில் இது, பிழை சொல்லுங்கோ:

"மாவட்டத்துக்கு ஒரு வீதம் சொல்ல 60 காணாது சேர். ஏனெண்டால் இந்த 60ம் 12 கிராமத்துக்குள்ள எடுத்தது, கொத்தைக் கணக்கெடுத்தால் 45 வீதத்தின்ர ஆயிடை 25 இருந்து 65 வரை போகுது. ஆனால் எனக்கு வாகன வசதி இருந்தது A9 வீதிப் பக்கத்துக்குத்தான், மேற்பார்வையாளரும் இது காணும் எண்டு சொன்னவர். 12 கிராமத்தில 10இல் ஒரு கிணறாவது எல்லையை மீறியிருக்கு எண்டது நிக்கும். ரெண்டு வகைக் கிணறும் இருக்கிற ஏழு கிராமத்தில ஆறில குழாய்க்கிணத்தில கூட."

கனகராயன்_மிஸ்

"ஆனால்" தொடங்கி "சொன்னவர்" வரை வெட்டுங்கள். மேற்பார்வையாளரை இழுத்தால் அவர் அந்த அறையிலேயே இருந்துகொண்டு நெளிவார், பரீட்சகருக்கும் நீங்கள் பொறுப்பைக் கைமாற்றுவதாகப் படும். A9 விடயம் சாட்டு அல்ல, அது ஒரு வரையறை: வீதியோரக் கிராமங்கள்தான் மாதிரியில் உள்ளன, உள்ளே காட்டோரக் கிராமங்கள் இல்லை. அதை முதல் வசனத்தில் சேருங்கள். "10 கிராமம்" என்பதிலும் "வறட்சிக்காலத்தில்" என்று சேர்க்க வேண்டும். அந்தப் பத்தில் ஏதாவது ஒரு கிராமம் 1.05 மாதிரி ஒரே ஒரு கிணற்றால் மட்டும் எண்ணிக்கைக்குள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தமாகச் சொல்லி நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ வாதாடுகிறீர்கள். கேள்வியைத் தாளில் எழுதி, "நீங்கள் கேட்பது மாதிரியின் அளவையா, தெரிவு செய்த விதத்தையா?" என்று உறுதிப்படுத்திய பிறகே வாயைத் திறவுங்கள். படபடப்புக் குறைய அந்தப் பத்து விநாடி போதும். வைவா ஆங்கிலத்தில் என்றால் இந்தப் பதிலை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகுங்கள். மொழி தடுமாறும்போதுதான் குரல் உயரும்.

பாலியாறு

பாத்தன் மிஸ். ஒரு கிராமம் அப்பிடித்தான், ஒரே ஒரு கிணறு, 1.04. அப்ப 12ல 9 எண்டு சொல்லி, பத்தாவது எல்லையில நிக்குது எண்டு சேக்கிறன்.

திருத்த ஸ்லைட் போடுறதோ இல்லையோ எண்டதை மேற்பார்வையாளரோட கதைச்சுத்தான் முடிவெடுப்பன். சமர்ப்பிச்ச பிறகு திருத்தப் பட்டியல் எண்டு ஒரு தாளைப் பரீட்சகர்மாருக்குக் குடுக்க விடுவினமோ?

நந்திக்கடல்

இடத்துக்கிடம் வேற. உங்கட பீட அலுவலகத்தில கேளுங்கோ. வைவா அண்டைக்கு வாசலில வைச்சு இல்லை, இந்தக் கிழமையே கேளுங்கோ.